"படிச்சு முடிச்சிட்டு கட்டலாம்" என்ற கடன்

வெளிநாட்டுப் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப யோசிக்கிற பெற்றோர் இதைக் கொஞ்சம் வாசிங்க.

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் இருந்து வந்து என்னிடம் படித்த பிள்ளை. இங்கே பட்டம் முடித்து, அமெரிக்காவில் முதுமாணிக்கு இடம் கிடைத்திருக்கிறது. போன கிழமை வீட்டுக்கு வந்தாள்.

"சேர், இங்க வங்கியில காணி உறுதி கேக்குறாங்க. நாங்க இருக்குறது லயத்துல. உறுதிக்கு எங்க போறது?"

அங்குள்ள வங்கிக்கோ அவள் யாரென்றே தெரியாது. நம்ம கிரிப் அறிக்கை அந்த நாட்டில் செல்லாது. பிணை நிற்கவும் அங்கே ஆளில்லை.

இப்படியானவர்களுக்கென்றே புரொடிஜி ஃபைனான்ஸ், எம்பவர் ஃபைனான்சிங் போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய கடன் வரலாற்றுக்குப் பதிலாக, எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், முடித்தால் எவ்வளவு உழைக்கலாம் என்று பார்க்கிறார்கள். தங்கள் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். அதனால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலை.

"படிச்சு முடிச்சு ஆறு மாசத்துக்குப் பிறகு கட்டினா போதும் சேர்" என்றாள். வட்டி பற்றி என் மார்க்க நிலைப்பாடு வேறு. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கணக்கை மட்டும் போட்டுக் காட்டினேன்.

உதாரணத்துக்கு 20,000 டொலர், வருட வட்டி 12 வீதம் என்று வைப்போம். மாதம் 200 டொலர் வட்டி. படிப்பு இரண்டு வருடம், பிறகு ஆறு மாதம், மொத்தம் 30 மாதம். நாம் கட்டாவிட்டாலும் வட்டி ஓடும்: 6,000 டொலர். அது முதலோடு சேர்ந்தால் கடன் 26,000. பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 373 டொலர். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் முதல் 20,000 இலேயே நிற்கும், தவணை சுமார் 287. சில நிறுவனங்கள் படிக்கும் காலத்திலேயே வட்டியைக் கட்டச் சொல்லும். அதனால் "எப்போதிருந்து கட்டணும்?" என்று கேட்டால் மட்டும் போதாது, "அதுவரை வட்டி என்ன ஆகும்?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது, கடன் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ஐத் தொட்டது. 373 டொலர் தவணை 74,600 ரூபாவில் இருந்து 134,000 ரூபாவுக்கு மேலே போயிருக்கும். அங்கே வேலை கிடைத்தால் இது பெரிதில்லை. படிப்புக்குப் பிறகு பொதுவாக 12 மாதம்தான் வேலை அனுமதி, சில விஞ்ஞான, தொழில்நுட்பப் பாடங்களுக்கு இன்னும் இரண்டு வருடம். அதற்குள் வழி பிறக்காமல் ஊர் திரும்பினால், ரூபாவில் உழைத்து டொலரில் கட்ட வேண்டும்.

பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாதிக் கட்டணத்துக்குப் புலமைப்பரிசில் கேட்டு எழுதிப் பாக்குறேன் சேர். கடன் 10,000 ஆனா தாங்கலாம்" என்றாள்.

கையெழுத்து வைக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. கடிதத்தை நேற்று இரண்டு பேரும் சேர்ந்து எழுதி அனுப்பினோம்.