ஆண்டுக் குத்தகையும் நாற்பது நாள் முள்ளங்கியும்

தில்லியில் யமுனையின் வெள்ளச்சமவெளியை உள்ளூரார் ‘காதர்’ என்பர். அங்கே ஒரு தம்பதியர் ஐந்து பீகா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தனர்; அது ஓர் ஏக்கருக்குச் சற்றே அதிகம். விளைச்சலில் பங்கு கேட்கும் வாரமுறையன்று, பணக்குத்தகை. பீகாவுக்கு ஆண்டுக்கு எட்டாயிரம் ரூபாய் என, நாற்பதாயிரத்தையும் நவம்பரிலேயே செலுத்திவிட்டனர். எழுத்து எதுவும் இல்லை.

அவர்கள் விதைத்தவை கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி. எல்லாம் ஒன்றரை மாதத்துக்குள் ஆசாத்பூர் மொத்தச் சந்தைக்குச் செல்லக்கூடியவை. முள்ளங்கி நாற்பது, நாற்பத்தைந்து நாளில் முற்றும். விலை ஏறட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே பஞ்சுபோலாகி வாங்குவார் இல்லாமற்போகும். சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே வாரத்தில் விதைத்திருந்தால், பிடுங்கிக் கழுவிக் கட்டி வண்டியேற்றும் கூலிக்குக்கூட விலை போதாது. அப்போது உழுது மண்ணில் புதைப்பதே நட்டத்தைக் குறைக்கும் வழி. இதனால் கணவர் ஒவ்வொரு வாரமும் ஒரு பீகா மட்டுமே விதைத்தார். விலை வீழ்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்கையே அது தாக்கும்.

விலையை இவ்வாறு பகுத்துத் தாங்கலாம். ஆற்றைப் பகுக்க இயலாது. பயிர் நாளால் அளக்கப்படுகிறது, குத்தகையோ ஆண்டால் அளக்கப்படுகிறது. ஆண்டில் ஐந்து போகம் எடுத்தால் ஒரு பீகாவில் ஒவ்வொரு போகத்தின் மேலும் விழும் குத்தகை 1,600 ரூபாய். மழைக்காலம் இரண்டு போகங்களைக் கொண்டுபோனால் மிஞ்சிய மூன்றின் மேல் தலா 2,667 ரூபாய் ஏறும். நிலம் பயன்படாத நாள்களுக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

2023 ஜூலை 13 அன்று பழைய இரயில்வே பாலத்தருகே யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இல் எட்டிய 207.49 மீட்டரையும் தாண்டியது. கோடைக்கேற்ற ‘பூசா சேத்கி’ முள்ளங்கி பிடுங்கும் பருவத்தில் நீருக்கடியில் போயிற்று. நிவாரணம் பற்றி விசாரித்தபோது, ஆவணத்தில் யார் பெயர் என்பதே முதற்கேள்வியாயிற்று. எழுத்தில்லாமைக்கும் காரணம் உண்டு: யமுனை தூய்மையாகும்வரை வெள்ளச்சமவெளியில் உணவுப் பயிர்கள் விளைவிப்பதை 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்தது. அத்தகைய நிலத்துக்கு ஒப்பந்தம் எழுத எவர் முன்வருவார்?

அடுத்த நவம்பரில் மனைவியே பேசினார். “பாதியை இப்போது தருகிறோம், மீதியை மழை கழிந்தபின் தருகிறோம். தண்ணீர் நின்ற மாதங்களைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார். நிலத்துக்காரர் இரு தவணைக்கு இசைந்தார், கழிவுக்கு இசையவில்லை. ஆயினும் வெள்ளம் வரும்போது பாதித் தொகை இனி அவர்கள் கையில் இருக்கும். எழுத்தில்லாக் குத்தகையில் அவர்களுக்குக் கிட்டிய ஒரே காப்பு அதுதான்.