நாமா, நாங்களா?

பள்ளிகளின் முகப்பிலும் மாணவர் நாட்குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் காணப்படும் தொலைநோக்கு வாசகங்களுக்குப் பொதுவான இலக்கணக் குறை ஒன்று உண்டு. அவற்றில் எழுவாய் இருப்பதில்லை. 'தரமான கல்வி வழங்குதல்', 'முழுமையான ஆளுமையை உருவாக்குதல்' என்று தொழிற்பெயர்கள் வரிசையாக நிற்கும். யார் வழங்குவது, யாருக்கு, எப்போதைக்குள் என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. இது மொழிக்குறை மட்டுமன்று, பொறுப்பிலிருந்து நழுவும் வழியும்கூட என்பது ஒட்டன்சத்திரத்தை அடுத்த ஒரு பள்ளியில் எங்களுக்கு விளங்கியது. பள்ளிக்கான தொலைநோக்கையும் செயற்பணியையும் எழுதித்தரும்படி எங்களிருவரையும் அழைத்திருந்தார்கள். எழுதித்தர மாட்டோம், ஆசிரியர்கள் எழுதும்போது உடனிருப்போம் என்று சொல்லிப் போனோம்.

தெளிவாக எழுதுவது இயலாத செயலன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு நான்கே தீர்மானங்களை நிறைவேற்றியது. நாடெங்கும் ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியே பயிற்றுமொழி, கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பாடம், காலப்போக்கில் ஆசிரியர் ஊதியத்தை அக்கல்விமுறையே ஈடுகட்டும் என்ற எதிர்பார்ப்பு. நான்காவது பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. பிள்ளைகளின் உழைப்பில் பள்ளி நடப்பதா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க முடிந்ததே அத்தீர்மானத்தின் தெளிவுக்குச் சான்று. எவராலும் மறுக்க முடியாத வாசகம் எதையும் சொல்லியிருப்பதில்லை.

பள்ளியில் 24 ஆசிரியர்கள். தலைமையாசிரியர் முதலில் பேசினால் மற்றவர்கள் தலையசைப்பார்கள் என்பதால், அவரைக் கடைசியில் பேசும்படி கேட்டுக்கொண்டோம். ஒவ்வொருவருக்கும் பெயர் எழுத வேண்டாத ஒரு தாள், இரண்டு வினாக்கள். பத்தாம் வகுப்பை முடித்துச் செல்லும் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? இன்று அதில் எது தெரியாமலே செல்கிறது?

முதல் வினாவுக்கு ஒழுக்கம், தன்னம்பிக்கை, நாட்டுப்பற்று என்று வந்தன. இரண்டாவதுதான் உண்மையைக் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் சிலருக்குத் தமிழைத் தடையின்றிப் படிக்க வரவில்லை, அக்குறை பத்துவரை தொடர்கிறது என்று 11 தாள்கள் கூறின. எல்லோருக்கும் தெரிந்திருந்த செய்தி. எந்தக் கூட்டத்திலும் எவரும் சொல்லியிராத செய்தி.

வந்த வாசகங்களை இரண்டு சல்லடைகளில் சலித்தோம். வேறொரு பள்ளியின் பெயரைத் தலைப்பிலிட்டாலும் பொருந்துமானால் அதை நீக்குவது. எதிர்மறையாக்கினால் எந்தப் பள்ளியும் ஏற்காத வாசகமானால் அதையும் நீக்குவது. 'தரமற்ற கல்வி தருவோம்' என்று எவரும் சொல்லப்போவதில்லை. ஆகவே 'தரமான கல்வி' என்பதும் வெற்றுரையே. எஞ்சியவற்றில் படிப்புத்திறன் பற்றியதே முதன்மையாக நின்றது.

மறுநாள் வாக்குவாதம் எழுந்தது. கணித ஆசிரியர் மறுத்தார். "காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி லோடு ஏற்றப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு முழித்திருந்துவிட்டு முதல் பீரியடில் தூங்கும். அதுக்கு நாம் எப்படி உறுதி தருவது?" நியாயமான கேள்வி. அதற்கு விடையாக ஒருவர், 'நாம் அனைவரும் இணைந்து' என்று வாசகத்தைத் தொடங்கலாம் என்றார். பணியில் சேர்ந்து ஓராண்டும் ஆகாத ஓர் ஆசிரியை எழுந்தார். "'நாம்' என்று போட்டால் பெற்றோரும் அதில் வந்துவிடுகிறார்கள் சார். பிள்ளை படிக்கவில்லையென்றால் அவர்கள்மேல் போட்டுவிடலாம். 'நாங்கள்' என்று போட்டால் போட முடியாது."

கேட்பவரை உள்ளடக்கும் பன்மையும் விலக்கும் பன்மையும் தமிழில் வேறுவேறு. வகுப்பறையில் இதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதில் ஒரு பள்ளியின் பொறுப்பே அடங்கியிருக்கக்கூடும் என்பதை அன்றுதான் கண்டோம்.

முடிவில் இரண்டு வாசகங்கள் நின்றன. தொலைநோக்கு: 'இப்பள்ளியில் பயின்ற எவரும், தமக்கு வரும் எந்த எழுத்தையும் பிறர் துணையின்றிப் படித்து முடிவெடுப்பர்.' செயற்பணி: 'ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு பிள்ளையும், முன்பு கண்டிராத ஒரு பக்கத்தை ஆண்டு முடிவதற்குள் உரக்கப் படித்துப் பொருள் சொல்லும்படி நாங்கள் செய்வோம்.' முன்பு கண்டிராத பக்கம் என்றது மனப்பாடத்தைத் தவிர்க்க. படிக்கக் கேட்பவர் வகுப்பாசிரியராக இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதற்கு ஒரு விலை இருந்தது. தூங்கும் பிள்ளைகளைக் கருதி வாசிப்பு நேரத்தை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றினார்கள். அதற்காக ஆண்டுவிழா ஒத்திகை நேரம் குறைந்தது. எந்த முடிவையும் தடுக்காத செயற்பணி சுவரில்தான் இருக்கிறது என்று அறியலாம். ஓர் இடரும் உண்டு. எண்ணிப் பார்க்கக்கூடியது, எண்ண முடியாதவற்றை ஓரம் தள்ளிவிடும். பாட்டும் விளையாட்டும் பட்டியலில் இல்லை என்று உடற்கல்வி ஆசிரியர் வருந்தியதற்கு எங்களிடம் நல்ல விடை இல்லை. ஆண்டுதோறும் இவ்வாசகத்தைத் திருத்தக் கூடுவது என்று மட்டும் முடிவாயிற்று.

நிர்வாகம் முகப்புப் பலகைக்கு 'உலகத்தரம்' என்ற சொல்லைக் கேட்டது, எழுதிக்கொண்டது. ஆசிரியர் அறையில் தொங்குவது வேறு தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் எதிரிலும் படிக்கக் கேட்க வேண்டிய ஆசிரியரின் பெயர். கணித ஆசிரியர் தம் பெயருக்கு நேராக ஏழு பிள்ளைகளைத் தாமே கேட்டு வாங்கியிருக்கிறார்.