ஒட்டிக்கொண்ட சக்கரம்

2018 ஜனவரியில் ஒரு நாள் மாலை, ஒரகடம் கூட்டுரோட்டுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, முன்பக்க இடது டயர் பஞ்சர். நாலு நட்டையும் கழட்டிட்டேன். ஜாக்கியில தூக்கியும் வச்சாச்சு. ஆனா வீல் வரமாட்டேங்குது. கடைக்காரப் பையன் சம்மட்டி எடுத்துட்டு வர்றான்."

"சம்மட்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்க மாப்பிள்ளை. நான் வர்றேன்" என்றேன்.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில் கம்பெனி வேன் ஒன்றில் இதே சிக்கல். அவசரத்தில் நான் ஸ்டட் முனையிலேயே சுத்தியலால் ஓங்கி அடித்தேன். சக்கரம் வந்தது. ஆனால் ஸ்டட்டின் மரை நசுங்கி, நட் திரும்ப ஏறவில்லை. அடியின் அதிர்ச்சி பேரிங் வரை போயிருக்கிறது. இரண்டு வாரத்தில் வண்டி ஓடும்போது உறுமல் கேட்டது. ஒரு சக்கரத்தை விடுவிக்கப் போய் ஹப்பையே மாற்றினோம்.

மாப்பிள்ளையின் வண்டி முடிச்சூரில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி. அதன் பிறகு அந்தச் சக்கரத்தை யாரும் கழற்றவில்லை. அலாய் வீல் என்பது அலுமினியம், ஹப் இரும்பு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகும். தூள், உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். சக்கரத்தின் நடுத்துளைக்கும் ஹப்பின் நடுமேட்டுக்கும் இருக்கும் மயிரிழை இடைவெளியில் அது இறுகிக்கொள்ளும். நடுமூடியை எடுத்துப் பார்த்தால், சுண்ணாம்பு போல் வெள்ளையாக ஒரு வளையம் தெரியும். அங்கும் அப்படித்தான் தெரிந்தது.

முதலில் அந்த வளையத்தில் மட்டும் துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்தேன். பிரேக் டிஸ்க்கில் படாமல் துணியைச் செருகிக்கொண்டேன். இருபது நிமிடம் காத்திருந்தோம். அதற்குள் பையன் பஞ்சர் டயரில் காற்று ஏற்றினான். மெதுவாக இறங்கும் பஞ்சர்தான். காற்றில்லாத டயரில் வண்டியை இறக்கினால் ரிம் நசுங்கும் என்பதால் இது முக்கியம்.

பிறகு நான்கு நட்டையும் திரும்பப் போட்டு, இறுக்காமல், இரண்டு சுற்று இடைவெளி விட்டேன். சக்கரம் திடீரென விடுபட்டாலும் கீழே விழாது. வண்டியைத் தரையில் இறக்கி, கதவருகே நின்று இருவருமாக இப்படியும் அப்படியும் ஆட்டினோம். வண்டியின் எடையே சக்கரத்தை அசைக்கும். பல தடவை இத்துடனேயே "டக்" என்று விட்டுவிடும். அன்று விடவில்லை. ஜாக்கியில் தூக்கி வைத்து ஆட்டக்கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

மறுபடி ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்தோம். ஸ்டெப்னியை வண்டியின் அடியில், கதவுக்குக் கீழே படுக்க வைத்தேன். ஜாக்கி சரிந்தாலும் அது தாங்கும். பின் ஒரு மரக்கட்டையை டயரின் உட்பக்கத்தில் வைத்து, அதன்மேல் சுத்தியலால் அடித்தேன். டயர் ரப்பரில் அடித்தால் ரிம்முக்குச் சேதமில்லை. மேலே ஒரு அடி, சக்கரத்தை அரைச்சுற்று திருப்பி இன்னொரு அடி, பிறகு கால்சுற்று. ஒரே பக்கத்தில் அடித்தால் சக்கரம் கோணி இன்னும் இறுகும். நான்காவது சுற்றில் வெள்ளைத் தூள் கொட்டியது. அடுத்த அடியில் "கிளக்" என்று, சக்கரம் நட்டுகளில் வந்து நின்றது.

"கேஸ் விளக்கால சூடு காட்டியிருக்கலாமே?" என்றான் பையன். வேண்டாம் என்றேன். சூட்டில் டயருக்குள் காற்று பெருகி வெடிக்கலாம், அலாய் பலமிழக்கும், பேரிங் கிரீஸும் சீலும் கெடும். எவ்வளவு அடித்தும் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்தி, இழுப்பான் வைத்திருக்கும் பட்டறைக்குப் போவதே சரி.

ஹப்பின் மேட்டைக் கம்பி பிரஷால் தேய்த்தோம். சக்கரத்தின் துளையை அரம் போடாமல், பிரஷால் மட்டும் துடைத்தோம். ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட்டை ஹப்பின் நடுமேட்டில் மெல்லிய பூச்சாகத் தடவினேன். ஸ்டட்டிலும் நட் உட்காரும் இடத்திலும் தடவவில்லை. அங்கே வழவழப்பு இருந்தால் அதே திருகலில் நட் அதிகம் இறுகி, ஸ்டட் நீண்டுபோகும். நட்டுகளைக் குறுக்காக, எதிரெதிராக இறுக்கி, கையேடு சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடித்தோம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்கச் சொன்னேன்.

மாப்பிள்ளை இப்போதெல்லாம் மழைக்காலம் முடிந்ததும் நான்கு சக்கரத்தையும் ஒருமுறை கழற்றிப் போடுகிறார். அந்த வேனின் பழைய ஸ்டட் ஒன்று இன்னும் என் கருவிப் பெட்டியில் கிடக்கிறது.