வரவுக்குக் கீழே கையெழுத்து இல்லை

அண்ணாகிராமம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவின் வழக்கு என்னால் தோற்றது. எதிர்த்தரப்பு வக்கீலின் திறமையோ நீதிபதியின் பிழையோ காரணமில்லை. நான் ஒரு தாளைச் சரியாகப் பார்க்கவில்லை.

2017 ஏப்ரலில் அவர் கடலூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். 2011 டிசம்பரில் 'தானே' புயல் முந்திரித் தோப்பைச் சாய்த்த பிறகு, நிலத்தில் ஒரு பகுதியை விற்றிருந்தார். அந்தப் பணத்தில் 3 லட்சத்தை ஊர்க்காரர் ஒருவருக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். புரோநோட்டின் தேதி 12.6.2014. வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய்.

கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். 12.6.2017 கடைசி நாள். இரண்டு மாதம் கையில் இருந்தது. பிராது எழுத ஒரு வாரம் போதும்.

நோட்டைத் திருப்பினேன். பின்பக்கத்தில் "20.11.2015 வரவு ரூ. 10,000" என்றிருந்தது. கடன்பட்டவர் கெடுவுக்குள் ஒரு பகுதியைக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஓடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்த வரவு, பணம் கொடுத்தவரின் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அது. அந்த வரிக்குக் கீழே யார் கையெழுத்தும் இல்லை. "இதை எழுதினது யாரும்மா?" என்று நான் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்ற செருக்கு. டைரியில் 20.11.2018 என்று குறித்தேன். "அவசரமில்லம்மா, நாள் இருக்கு" என்றேன்.

2018 பிப்ரவரியில் வழக்கைத் தாக்கல் செய்தேன். எதிருரை வந்தது. வரவு தன் எழுத்தல்ல, வழக்கு காலம் கடந்தது என்று அதில் இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பீலில் தாமதமானால் மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். புதிதாகப் போடும் வழக்குக்கு அந்த வழி கிடையாது. தப்ப ஒரு சந்துகூட இல்லை.

அவரிடம் சொன்னேனா? இல்லை. பயந்தேன். எதுவும் சொல்லாமலே அவரைக் கூண்டில் ஏற்றினேன்.

"இந்த வரவை எழுதியது யார்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"நான்தாங்க எழுதினேன். பணம் அவருதான் குடுத்தாரு."

உண்மையைச் சொன்னார். அந்த உண்மையோடு வழக்கு முடிந்தது. அது தன் வழக்கையே முடிக்கும் பதில் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஃபைலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2019இல் வழக்கு தள்ளுபடியானது. அதன் பிறகு அவர் முந்திரிக்கொட்டை உடைக்கக் கூலிக்குப் போனார்.

சில மாதத்தில் வேறொரு வக்கீல் மூலம் எனக்கு நோட்டீஸ் வந்தது. அசலும் வட்டியும் சேர்த்து, வரவைக் கழித்து, 4,70,000 ரூபாய் கேட்டிருந்தார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. கவனக்குறைவால் கட்சிக்காரருக்கு நட்டம் வந்தால் வக்கீல் மீது வழக்குப் போடலாம் என்று 1926ஆம் ஆண்டின் வக்கீல் கட்டணச் சட்டமே சொல்கிறது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. சிவில் கோர்ட் கதவு அதன் பிறகும் திறந்தே இருக்கிறது.

ஆனால் அங்கே கட்சிக்காரர் இரண்டைக் காட்ட வேண்டும். காலத்தில் போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்பது ஒன்று. ஜெயித்த பணம் கைக்கு வந்திருக்கும் என்பது மற்றொன்று. முதலாவதை மறுக்க எனக்கு வழியில்லை. நோட்டில் இருந்த கையெழுத்தைக் கடன்பட்டவரே ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். கடன்பட்டவருக்குச் சொத்தே இல்லை, டிகிரி வாங்கியிருந்தாலும் ஒன்றும் தேறியிருக்காது என்று பதில் நோட்டீஸ் அனுப்பினேன். வரவைத் தானே எழுதியதை அவர் என்னிடம் மறைத்தார் என்றும் சேர்த்தேன்.

இரண்டும் பொய். நான் கேட்கவே இல்லை, அவர் எதை மறைக்க? கடன்பட்டவர் பெயரில் ஓட்டு வீடும் மனையும் இருப்பதைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ் என் ஃபைலிலேயே இருந்தது. அதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவரே அந்த அம்மாதான்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றேன். கேட்ட தொகையைத் தவணையாகக் கொடுப்பதாக எழுதிக் கொடுத்தேன். கொடுத்து முடிக்க இரண்டரை ஆண்டு ஆனது. இதைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ண வேண்டாம். அது அவருடைய பணம். கூலிக்குப் போன நாட்களை நான் திருப்பித் தரவில்லை.

புரோநோட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வரவு வைக்கும்போது, பணம் கொடுப்பவரின் கையெழுத்தை அதன் கீழே அப்போதே வாங்குங்கள். உங்கள் வக்கீல் கெடு எந்த நாள் என்று சொன்னால், எதை வைத்து அந்தக் கணக்கு என்று கேளுங்கள். அந்த அம்மா என்னிடம் கேட்கவில்லை. என்னை நம்பினார்.

அவர் என் மீது வழக்குப் போட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அதுதான் நியாயமான தீர்ப்பு.