டிசம்பர் பட்டியலில் இருந்த 2,100 ரூபாய்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் சங்கத்துக்கு ஓட்டுநர் ஒருவர் வந்தார். மாதம் 500 ரூபாய் வீதம் 36 மாதம் கட்டிய அவருடைய தொடர் வைப்பு அந்த மாதம் முதிர்ந்திருந்தது. பேரேட்டைப் பார்த்து, 18,000 ரூபாய் அசலும் 2,100 ரூபாய் வட்டியும் என்று வவுச்சர் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் கையெழுத்துப் போடவில்லை.

“தம்பி, என் மகன் போன்ல கணக்குப் போட்டான். எட்டு வட்டிக்கு 2,386 வருதுங்கிறான். நீங்க 2,100 போட்டிருக்கீங்களே?”

“அது பேங்க் கணக்குண்ணே. நம்ம சங்கத்துல வேற மாதிரி” என்றேன். வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் ஒன்றில் நான் கணக்கு எழுதத் தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. முதிர்வுப் பட்டியலில் மாதவாரியாக உறுப்பினர் பெயர், தவணைத் தொகை, அசல், தர வேண்டிய வட்டி என்று இருக்கும். 500 ரூபாய் தவணைக்காரர் எல்லாருக்கும் நேராக 2,100 என்றே இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். நான் அதைப் பார்த்து எழுதினேன்.

“இரண்டு நாள் கொடுங்கண்ணே, பார்த்துச் சொல்றேன்” என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

மகன் சொன்ன 2,386 எங்கிருந்து வருகிறது என்பது விரைவில் புரிந்தது. வங்கிகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்த்து, அந்த வட்டிக்கும் வட்டி தருவார்கள். மாதம் 500, 36 மாதம், 8 சதவீதம் என்று கூட்டு வட்டியில் போட்டால் ஏறத்தாழ 20,386 ரூபாய் வருகிறது. எங்கள் துணை விதிகளை எடுத்துப் பார்த்தேன். தொடர் வைப்புக்குத் தனிவட்டி என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே 2,386 எங்களுக்குப் பொருந்தாது. அதோடு தேடல் முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் தனிவட்டியில் 2,100 வருகிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

தொடர் வைப்புக்குத் தனிவட்டி போடுவது எளிது. ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் சங்கத்திடம் இருந்தது என்று பார்த்துக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். 12 மாத வைப்பில் முதல் தவணை 12 மாதம் இருக்கும், இரண்டாவது 11 மாதம், கடைசித் தவணை ஒரு மாதம். எல்லாம் கூட்டினால் 78. மாதம் 100 ரூபாய் என்றால், 100 ரூபாயை 78 மாதத்துக்குக் கொடுத்தது போல வட்டி கணக்கிடலாம். 36 மாதத்துக்கு அந்தக் கூட்டுத்தொகை 666. 500 ரூபாயை 666-ஆல் பெருக்கி, 8-ஆல் பெருக்கி, 1,200-ஆல் வகுத்தால் 2,220 வருகிறது.

பட்டியலில் இருந்தது 2,100. வித்தியாசம் 120 ரூபாய்.

இந்த 120-தான் என்னை உள்ளே இழுத்தது. கூட்டல் பிழை இவ்வளவு சுத்தமான எண்ணாக வராது. 18,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் ஒரு மாத வட்டி என்ன என்று பார்த்தேன். சரியாக 120. அதாவது முழு அசலுக்கும் ஒரு மாத வட்டி விட்டுப் போயிருக்கிறது. முதல் தவணைக்கு 36 மாதத்துக்குப் பதில் 35 மாதம், கடைசித் தவணைக்கு ஒன்றுமே இல்லை என்று எண்ணினால் கூட்டுத்தொகை 666-க்குப் பதில் 630 ஆகிறது. 630-ஐ வைத்துப் போட்டால் அச்சுப் பிசகாமல் 2,100. யாரோ ஒருவர் கவனமாகத்தான் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் அவர் மனதில் வைப்பு முதிரும் நாள் வேறாக இருந்திருக்கிறது.

அவர் யார் என்று தேடினேன். நடப்புப் பேரேட்டில் ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய பேரேட்டின் உள் அட்டையில், தட்டச்சு செய்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே 6 முதல் 10 வரை வட்டி வீதங்கள், இடப்பக்கம் 12, 24, 36 மாதங்கள், கட்டங்களுக்குள் 100 ரூபாய்க்கான வட்டி. எட்டு சதவீதம், 36 மாதம் சேரும் கட்டத்தில் 420 என்று இருந்தது. அதை ஐந்தால் பெருக்கினால் எங்கள் 2,100. தாளின் அடியில் இருந்த சிறு கையொப்பம் சங்கத்தின் பழைய செயலாளருடையது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தாளின் படத்தைக் கைப்பேசியில் காட்டியதும் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“நான் போட்டதுதாம்ப்பா. அப்போ கால்குலேட்டர் ஆபீசுக்கே ஒண்ணுதான். ஒவ்வொரு ஆளுக்கும் உட்கார்ந்து போட முடியாதுன்னு ரெடி ரெக்கனர் மாதிரி அடிச்சு ஒட்டிட்டேன்.”

“கடைசித் தவணைக்கு வட்டி இல்லையே ஐயா?”

“எப்படி இருக்கும்? அப்போ ஆளுங்க கவுண்டர்ல நேரா வந்து கட்டுவாங்க. 36-ஆவது தவணையைக் கட்டுற அன்னைக்கே கணக்கை முடிச்சுப் பணத்தை வாங்கிட்டுப் போயிடுவாங்க. அந்தத் தவணை ஒருநாள் கூட நம்மகிட்ட தங்காது.”

அவர் சொன்னது சரி. அவர் காலத்து விதிக்கு அந்த அட்டவணை பிழையே இல்லாதது.

அப்படியானால் விதி எப்போது மாறியது? நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகங்களை அலமாரியில் இருந்து இறக்கிப் பின்னோக்கிப் புரட்டினேன். 2009-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கிடைத்தது. தவணைகளைச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முறைக்கு மாறியபோது போட்ட தீர்மானம் அது. பிடித்தம் செய்த தொகைக்கான காசோலை அடுத்த மாதம்தான் சங்கத்துக்கு வந்து சேரும். 36-ஆவது தவணை வரும் முன்பே உறுப்பினர் பணம் கேட்டு வந்து நின்றதால் குழப்பம் ஏற்பட்டிருக்கிறது. அதனால் கடைசித் தவணை வரவான மாதத்துக்கு அடுத்த மாதமே முதிர்வு மாதம் என்று வைத்தார்கள். பத்தாம் தேதிக்குள் வரும் தவணைக்கு அந்த மாதம் முழுவதற்கும் வட்டி உண்டு என்றும் அதே தீர்மானத்தில் எழுதியிருந்தார்கள்.

பட்டியலில் முதிர்வு மாதத்தை ஒரு மாதம் தள்ளினார்கள். உள் அட்டையில் ஒட்டியிருந்த தாளை யாரும் மாற்றவில்லை. எங்கள் முதிர்வு மாதம் புதிய விதிப்படியும் வட்டி பழைய விதிப்படியும் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுநருடைய கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 2020 நவம்பர் சம்பளத்தில் முதல் பிடித்தம். அது சங்கத்தில் வரவானது டிசம்பர் முதல் வாரத்தில். 36-ஆவது தவணை வந்தது 2023 நவம்பரில். பணம் தருவது டிசம்பரில். அந்தக் கடைசி மாதம் முழுவதும் அவருடைய 18,000 ரூபாயும் எங்களிடம் இருந்திருக்கிறது. அதற்கு நாங்கள் வட்டி தரவில்லை.

அவர் மட்டும் இல்லை. அந்த டிசம்பர் பட்டியலில் 23 பேர் இருந்தார்கள். மற்ற மாதங்களில் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். டிசம்பரில் மட்டும் இத்தனை பேர் ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வார விழா. அந்த வாரத்தில்தான் எங்கள் சங்கம் புதிய வைப்புகள் சேர்க்கும். நவம்பரில் சேர்ந்தவர்களின் முதல் தவணை டிசம்பரில் வரவாகும், மூன்று வருடம் கழித்து டிசம்பரிலேயே எல்லாம் ஒன்றாக முதிரும். 23 பேரின் மாதத் தவணை சேர்த்து 16,500 ரூபாய். அட்டவணைப்படி தர வேண்டிய வட்டி 69,300, தீர்மானப்படி 73,260. இந்த ஒரு மாதப் பட்டியலிலேயே 3,960 ரூபாய் உறுப்பினர்களுக்குக் குறைந்திருந்தது. அசலும் வட்டியும் சேர்ந்து 6,67,260 ரூபாய் ஒரே மாதத்தில் வெளியே போக வேண்டும் என்பதையும் இந்தப் பட்டியல்தான் முன்கூட்டியே சொல்லும். மாதவாரியாக எழுதுவதே அதற்காகத்தான். பெயர்வாரியாக எழுதியிருந்தால் இந்த மேடு கண்ணில் பட்டிருக்காது.

அதே தாள் இன்னொரு இடத்திலும் தவறு செய்ய வைத்திருந்தது. மார்ச் 31 அன்று ஐந்தொகைக்காக, இன்னும் முதிராத வைப்புகளுக்கும் அன்றுவரை சேர்ந்த வட்டியை எழுத வேண்டும். அட்டவணையில் 36 மாத வைப்புக்கு முழுக் கால வட்டி மட்டுமே இருந்ததால், எனக்கு முன்னிருந்தவர்கள் அதை 36-ஆல் வகுத்து, கட்டிய தவணை எண்ணிக்கையால் பெருக்கியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் தொடங்கிய ஒரு 500 ரூபாய் வைப்புக்கு 2024 மார்ச்சில் 20 தவணை முடிந்திருந்தது. அந்த முறைப்படி போட்டால் 1,167 ரூபாய் வரும். உண்மையில் 20 தவணைக்கான கூட்டுத்தொகை 210. அதற்கு வட்டி 700 ரூபாய்தான்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் ஏன் என்று நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். தொடர் வைப்பில் வட்டி மாதாமாதம் சமமாகச் சேர்வதில்லை. முதல் மாதத்தில் 500 ரூபாய்க்கு மட்டும் வட்டி, அதாவது 3 ரூபாய் 33 காசு. கடைசி மாதத்தில் 18,000 ரூபாய்க்கு வட்டி, 120 ரூபாய். சமமாகப் பிரித்தால் தொடக்க ஆண்டுகளில் செலவு அதிகமாகவும் முடிவில் குறைவாகவும் காட்டப்படும். அந்தந்த ஆண்டின் லாபமும் அதனால் மாறிப்போகும்.

இப்போது பட்டியலைக் கணினியில் போடுகிறேன். B பத்தியில் மாதத் தவணை, C பத்தியில் வரவான தவணைகளின் எண்ணிக்கை. மார்ச் வட்டிக்கும் முதிர்வு வட்டிக்கும் ஒரே வரிதான்:

```
=B2*C2*(C2+1)/2*8/1200
```

தவணை தவறியவர்களை மட்டும் இந்த வரியில் சேர்ப்பதில்லை. இடையில் இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்பில் இருந்தவருக்கு முதிர்வு மாதமும் இரண்டு மாதம் தள்ளிப் போகும், முன்பு கட்டிய தவணைகள் அந்த இடைவெளியிலும் வட்டி சேர்க்கும். அவர்கள் கணக்கைப் பேரேட்டில் தவணை தவணையாகப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எங்கள் பட்டியலில் அப்படி ஆறு பேர் இருந்தார்கள்.

ஓட்டுநர் அண்ணனிடம் 2,386 ஏன் வராது என்பதையும் 2,100 ஏன் தவறு என்பதையும் தாளில் போட்டுக் காட்டினேன். நிதானமாகக் கேட்டார். 2,220 என்று புது வவுச்சர் எழுதினேன், கையெழுத்துப் போட்டார். 2009-க்குப் பிறகு முதிர்ந்து பணம் வாங்கிப் போனவர்களுக்கும் விட்டுப்போன ஒரு மாத வட்டியைத் தர வேண்டும் என்று குறிப்பு எழுதி நிர்வாகக் குழுவில் வைத்தேன். பேரேடு கிடைக்கும் ஆண்டுகள் வரை கணக்கெடுத்துத் தருவதென்று தீர்மானம் ஆனது.

சங்கங்களில் கணக்கு எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் முதிர்வுப் பட்டியலில் ஒருவருடைய வட்டியை மட்டும் கையால் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால், அது அவருடைய மொத்த அசலுக்கு ஒரு மாத வட்டியா என்று பாருங்கள். ஆம் என்றால் பேரேட்டின் உள் அட்டையையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.