பிளே ஸ்டோருக்குப் போகாமல் வந்த ஆப்

நண்பரின் ஸ்டுடியோவுக்குத் தேர்வு விண்ணப்பப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். 50 கேபிக்குள் படத்தைச் சுருக்கித் தரவேண்டும். அதற்காக அவருடைய ஆண்ட்ராய்டு போனில், குரோமில் squoosh.app தளத்தைத் திறந்தோம். கூகுளின் குரோம் குழுவினர் உருவாக்கிய இந்தத் தளம், படத்தை எந்தச் சர்வருக்கும் அனுப்பாமல் போனுக்குள்ளேயே சுருக்கிவிடும்.

மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் Add to Home screen என்று இருந்தது. தொட்டதும் Install, Create shortcut என இரண்டு வழி காட்டியது. Install கொடுத்தோம். அந்தச் சில நொடிகளில் கூகுளின் சர்வர் இந்தத் தளத்துக்கென்றே சிறிய ஆப் கோப்பு ஒன்றைச் செய்து அனுப்புகிறது. அதனால்தான் மற்ற ஆப்களோடு இதுவும் பட்டியலில் வருகிறது. "பிளே ஸ்டோர் பக்கமே போகலையே, இது எப்படி வந்துச்சு?" என்று நண்பர் வியந்தார். ஷார்ட்கட் மட்டும் போட்டிருந்தால் ஐகானின் மூலையில் குட்டி குரோம் சின்னம் ஒட்டியிருக்கும். தொட்டால் வழக்கமான டேப்தான் திறக்கும். வேறொரு ஆப்புக்குள்ளே லிங்கைத் திறந்தாலோ, இன்காக்னிட்டோவில் இருந்தாலோ Install கண்ணில் படாது. ஐபோனில் சஃபாரியின் ஷேர் பொத்தானுக்குள் Add to Home Screen இருக்கிறது.

அடுத்து, நெட் இல்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தோம். நெட் இருக்கும்போதே ஒரு படத்தைத் திறந்துவிட வேண்டும். சுருக்கும் நிரல்கள் அப்போதுதான் முழுதாக இறங்கும். Ready to work offline என்று திரையின் அடியில் வந்தபின் ஏரோபிளேன் மோடு போட்டோம். ஒரு மணப்பெண்ணின் படத்தை எடுத்துத் தரத்தைக் குறைக்கக் குறைக்க, அளவு இறங்குவது அப்படியே தெரிந்தது.

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் வேலை இன்னும் சுலபம். குரோமின் முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு ஒரு திரைச் சின்னம். அதை அழுத்தினால் முகவரிப் பட்டை இல்லாத தனி ஜன்னலில் திறந்துகொள்கிறது.

ஸ்டோர் ஆப்பைக் கடைக்காரர் பரிசோதித்துத் தருகிறார். புதிய பதிப்பும் அந்த வழியாகவே வரும். இதற்கு அப்படி ஒரு காவல் இல்லை. முகவரி ஒன்றுதான் அடையாளம், ஆகவே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே இன்ஸ்டால் செய்ய வேண்டும். புதிய பதிப்பைத் தளமே பின்னணியில் இறக்கிக்கொண்டு, Update available என்று கேட்கிறது.

நண்பருக்கு நான் அழுத்திச் சொன்னது வேறொன்று. ஆண்ட்ராய்டில் இந்த ஆப் சேமிப்பதெல்லாம் குரோமின் கணக்கில்தான் இருக்கிறது. போனில் இடம் போதவில்லை என்று குரோமின் தளத் தரவுகளை அழித்தால், ஐகான் அப்படியே நிற்கும். உள்ளே இருந்தது போய்விடும். சுருக்கிய படத்தைக் கையோடு டவுன்லோடு செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. பில், குறிப்பு எழுதும் ஆப்களை இப்படிப் போடுகிறவர்கள், தரவு சர்வரில் சேர்கிறதா, போனிலேயே நிற்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.