தலையில் வெள்ளைப் புள்ளியெல்லாம் ஈர் இல்லை



தவணை தொடங்கி இரண்டு கிழமை போனால் எங்கட வகுப்புகளில் பேன் கதை தொடங்கிவிடும். ஒரு பிள்ளையின் தலையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பின்னால் இருக்கும் பிள்ளை காணும். "டீச்சர், இவட தலைல ஈர்" என்று சத்தம் போடும். அன்று பின்னேரமே அந்த உம்மா பாமசிக்குப் போவார். இந்த வருடம் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். உம்மாமார், ராத்தாமார் பொறுமையாக வாசியுங்கள். நீளம்தான்.

முடியில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பொருள் மூன்றில் ஒன்றாக இருக்கலாம். ஈர், பொடுகு இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதை அநேகமானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். டொக்டர்மார் அதை 'ஹெயார் காஸ்ட்' என்பார்கள். நாங்கள் முடி உறை என்று சொல்லிக்கொள்வோம். பார்த்தால் ஈர் மாதிரியே இருக்கும், ஆனால் பேனுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருவரில் இருந்து மற்றவருக்குத் தொற்றவும் மாட்டாது.

நடந்தது இதுதான். ஒன்பது வயதுப் பிள்ளை, இடுப்பு வரை முடி. தலையில் வெள்ளை இருப்பதாக மற்றப் பிள்ளைகள் சொல்லி, பக்கத்தில் இருக்க மறுத்தார்கள். உம்மா பேன் மருந்து வாங்கி வைத்தார். போகவில்லை. கிழமைக்கு ஒரு தரம் என்று நாலு தரம் வைத்தார். பிள்ளையின் தலைத்தோல் சிவந்து எரியத் தொடங்கியது, வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது. யாரோ மண்ணெண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார்கள். "டீச்சர், நாளைக்கு மண்ணெண்ண வெச்சிப் பாக்குறன், அதுக்கும் போகல்லண்டா முடிய ஒட்ட வெட்டிரப் போறன்" என்று கேற்றடியில் நின்று சொன்னார். பிள்ளை பர்தாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது.

இடைவேளையில் பிள்ளையை யன்னலோரம் இருத்தி, பின்னலை அவிழ்த்துப் பார்த்தோம். வெள்ளைப் புள்ளி இருந்த முடி ஒன்றை வேரடியில் ஒரு கையால் பிடித்து, மற்றக் கையின் இரண்டு விரலுக்குள் அந்தப் புள்ளியை வைத்து நுனிப் பக்கமாக இலேசாக இழுத்தேன். நூலில் கோர்த்த பாசிமணி மாதிரி வழுக்கிக்கொண்டே போய், நுனியால் கழன்று கையில் வந்துவிட்டது. நாலைந்து முடியில் பார்த்தோம், எல்லாம் அப்படியே நழுவியது. "இது ஈர் இல்ல ராத்தா" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு முடியை அவரே இழுத்துப் பார்த்த பிறகுதான் முகம் மாறியது.

ஈர் ஏன் அப்படி நழுவாது? பேன் முட்டை போடும்போது ஒரு பசையும் சேர்த்து விடுகிறது. அது முடியில் இறுகிப் பிடித்துவிடும். தோணியின் அடியில் சிப்பி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான், முடியின் ஒரு பக்கத்தில், கொஞ்சம் சரிந்து, நீளுருண்டையாக ஒட்டியிருக்கும். நீளம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. இரண்டு நகத்தால் நெரித்து இழுத்தால்தான் அசையும். தலைக்கு ஊற்றினாலும் உதறினாலும் போகாது. அதிகமாகக் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் இருக்கும்.

முடி உறை ஒரு பக்கத்தில் ஒட்டியிருப்பதில்லை. முடியைச் சுற்றிக் குழாய் மாதிரி இருக்கும், சட்டைக்கைக்குள் கை இருப்பதைப் போல. நீளமும் கூட, இரண்டு மூன்று மில்லிமீற்றர், சிலது அதற்கும் மேலே. ஒவ்வொரு முடியின் வேரையும் தோலுக்குள்ளே ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. வழமையாக முடி வெளியே வருவதற்கு முன்னரே அந்த உறை உதிர்ந்துவிடும். முடியை நாள் முழுக்க இறுக்கி இழுத்து வைத்தால், உறை உடையாமல் வளையமாக முடியோடு சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. சொரியாசிஸ் போன்ற தோல் நோய் உள்ளவர்களுக்கும் இது வரும். ஆனால் சின்னப் பெண்பிள்ளைகளில் கூடுதலாகக் காண்பது இறுக்கிப் பின்னுவதால்தான்.

இந்தப் பிள்ளைக்கும் அதுதான். பர்தா நேராக நிற்க வேண்டும் என்று காலையில் சுபஹ் தொழுத கையோடு எண்ணெய் வைத்து, நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கி இரட்டைப் பின்னல். பின்னேரம் மதரஸா முடிந்து வரும் வரைக்கும் அதே பின்னல்தான். வெள்ளையும் நெற்றியோரம், காதுக்கு மேலே, அதாவது இழுவை கூடிய இடத்தில்தான் நிறைய இருந்தது. பிடரியில் ஒன்றிரண்டுதான். ஈர் என்றால் அநேகமாக மறுவளமாக இருந்திருக்கும்.

பொடுகைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. அது தலைத்தோலின் செதில். பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவதைப் போல, ஒரே வடிவமாக இராது. தலையை உதறினால் தோளில் விழும். ஆனால் எங்கட வீடுகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேங்காயெண்ணெய் தாராளமாக வைக்கிறோம். எண்ணெயில் ஊறிய பொடுகு முடியில் ஒட்டிக்கொண்டு ஈர் மாதிரியே காட்டும். அதனால் சோதிப்பதற்கு முன் ஷம்போ போட்டு எண்ணெயைக் கழுவிவிடுங்கள். பொடுகு என்றால் கழுவலோடு பெரும்பகுதி போய்விடும். இன்னொன்று, சாதாரணப் பொடுகு பிள்ளைகள் வயதுக்கு வரும் காலத்தில்தான் அதிகமாகத் தொடங்கும். ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு "சும்மா பொடுகுதான்" என்று விடுவதற்கு முன் நன்றாகப் பாருங்கள். செதிலோடு சேர்த்து வட்டமாக முடி உதிர்ந்திருந்தால், அல்லது முடி அடியோடு முறிந்து கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தால், அது பூஞ்சண நோயாக இருக்கலாம். பூசும் மருந்து மட்டும் அதற்குப் போதாது, டொக்டரிடம் காட்டிக் குடிக்கும் மருந்து எடுக்க வேண்டும்.

சரி, நழுவவில்லை, ஈர்தான் என்று தெரிகிறது. உடனே மருந்து வாங்கவா? அதற்கும் இன்னும் ஒரு படி இருக்கிறது. உயிருள்ள முட்டை பளிச்சென்ற வெள்ளையாக இராது. மங்கல் மஞ்சள் அல்லது மண்ணிறம், கறுத்த முடியில் சட்டென்று கண்ணில் படாது. தூரத்தில் இருந்தே பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் குஞ்சு வெளியேறிய வெறும் கோதுதான். பக்கத்துப் பிள்ளை கண்டு சத்தம் போடுவதும் இதைத்தான்.

கோது எத்தனை நாள் பழையது என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். பேன் முட்டையைத் தலைத்தோலுக்குக் கிட்டத்தான் போடும், சூடு வேண்டும் அதற்கு. 7 முதல் 10 நாளுக்குள் குஞ்சு வெளியேறிவிடும். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்கிறது. வேரில் இருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி ஒரு கோது இருந்தால், அது ஏறக்குறைய ஐந்து மாதத்துக்கு முந்திய கதை. எங்கட ஊர் மாதிரிச் சூடான இடங்களில் பேன் கொஞ்சம் தள்ளியும் முட்டை போடும் என்பதால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இப்போது பேன் இருக்கிறதா என்பதற்கு ஒரே சாட்சி நடமாடும் பேன்தான்.

அதைத் தேட நல்ல வழி ஈரத் தலையில் சீவுவது. காய்ந்த தலையில் பேன் வெளிச்சத்தைக் கண்டதும் ஓடிவிடும். தலையைக் கழுவி, கண்டிஷனர் தாராளமாகப் பூசுங்கள். பேன் வேகமாக ஓட முடியாமல் போகும், சீப்பும் இலகுவாக இறங்கும். முதலில் சாதாரண சீப்பால் சிக்கெடுங்கள். பிறகு பேன் சீப்பைத் தலைத்தோலில் படும்படி வைத்து, வேரில் இருந்து நுனி வரைக்கும் ஒரே இழுவையாக இழுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் சீப்பை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். முழுத் தலைக்கும் அரை மணித்தியாலம் செல்லும், நீள முடி என்றால் கூடவும் செல்லும். எள்ளளவில் ஒன்று அசைந்தால் பேன் இருக்கிறது. அப்போதுதான் மருந்து. வீட்டில் மற்றவர்களின் தலையையும் அன்றே பாருங்கள். மருந்து எல்லா முட்டையையும் கொல்லாது என்பதால், பெட்டியில் எழுதியிருப்பது போல 7 முதல் 10 நாளில் இரண்டாவது தரமும் வைக்க வேண்டும். மருந்து வைத்த பிறகும் கோது முடியில் ஒட்டியேதான் இருக்கும். அதைக் கண்டு "மருந்து வேலை செய்யல்ல" என்று மூன்றாம், நாலாம் தரம் வைத்தால் தோல்தான் புண்ணாகும்.

மண்ணெண்ணெய், பூச்சி மருந்து இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தோலைச் சுடும், தலையில் நெருப்புப் பற்றும். தோட்டத்துக்கு அடிக்கும் நஞ்சு தோலால் உள்ளே போய் உயிருக்கே ஆபத்தாகும். மூன்றில் எதற்கும் இவை மருந்தில்லை.

அந்தப் பிள்ளையைத் தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு முடியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, முடி உறைதான் என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். பேன் மருந்தை முற்றாக நிறுத்தி, இறுக்கிப் பின்ன வேண்டாம் என்றார். இப்போது பாடசாலைக்குத் தளர்வான ஒற்றைப் பின்னல், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்து விடுகிறார்கள். குளித்த பிறகு பேன் சீப்பால் மெதுவாகச் சீவினால் உறைகள் கழன்று வருகின்றன. ஒரே நாளில் போகவில்லை. இரண்டு மாதமாகிறது, நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒரு கலியாணத்துக்கு இறுக்கிக் கட்டியதில் நெற்றியோரம் திரும்பவும் கொஞ்சம் வந்ததாக உம்மா சொன்னார். சொரியாசிஸ் போன்ற நோயால் வருவதென்றால் பின்னலைத் தளர்த்துவது மட்டும் போதாது, அந்த நோய்க்கு வைத்தியம் செய்ய வேண்டும். ஒரே தலையில் ஈரும் உறையும் சேர்ந்து இருக்கவும் கூடும் என்பதால், ஒரு முடி நழுவியதோடு நிறுத்தாமல் நாலைந்து இடத்தில் பாருங்கள்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அந்த முடியை இழுத்துக் காட்டினோம். பக்கத்தில் இருக்க மாட்டேன் என்ற பிள்ளைதான் இப்போது வீட்டில் தங்கச்சியின் தலையை இழுத்து இழுத்துச் சோதிக்கிறதாம்.

சந்தேகம் இருப்பவர்கள் இன்பொக்ஸில் படம் அனுப்பலாம். பிள்ளையின் முகமோ தலையோ வேண்டாம். புள்ளி உள்ள ஒரு முடியை மட்டும் வெட்டி, கறுப்புத் துணியில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் கிட்ட வைத்து எடுங்கள். அதற்கு முன் ஒருக்கா இழுத்துப் பார்த்துவிட்டு, நழுவியதா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.